பிசுபிசுக்கும் கிரிப்: கழுவினால் போகுமா, மாற்றித்தான் ஆகணுமா?

கேள்வி: "நாகப்பட்டினம் பக்கம் இருக்கோம். பையனோட ஷட்டில் ராக்கெட், என்னோட கிரிக்கெட் பேட், ரெண்டோட கிரிப்பும் பிசுபிசுன்னு கையில ஒட்டுது. போர் தண்ணியில குளியல் சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவிட்டேன், பவுடரும் போட்டுப் பார்த்தேன். மதியம் தொட்டா நல்லா இருக்கு, சாயங்காலம் விளையாடப் போனா மறுபடி ஒட்டுது. ஒழுங்கா சுத்தம் பண்ண வழி இருக்கா, இல்ல மாத்தித்தான் ஆகணுமா?"

மதியம் ஒட்டாமல் சாயங்காலம் ஒட்டுகிறது என்றால் அதிலேயே பாதி விடை இருக்கிறது. வெறும் அழுக்காக இருந்தால் மதியமும் ஒட்டும். ரப்பரோ மேல்பூச்சோ கெட்டுப்போயிருந்தால் அதுவும் நேரம் பார்த்து ஒட்டாது. காற்றில் ஈரம் ஏறும்போது கூடவே ஏறி, ஈரம் இறங்கும்போது இறங்குகிற பிசுபிசுப்பு என்றால், கிரிப்பில் உப்பு தங்கியிருக்கிறது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். அதில் ஒரு பங்கு வியர்வையிலிருந்து வந்தது. இன்னொரு பங்கு நீங்கள் கழுவிய தண்ணீரிலிருந்தே வந்திருக்கும் என்பது என் சந்தேகம். நான் கும்பகோணத்தில் இருபது வருடமாக ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுவதும் பேட்டுக்கு கிரிப் மாட்டுவதுமாக இருக்கிறேன். கடலோர ஊர்களிலிருந்து வரும் கிரிப்புகளில் இந்த ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

வியர்வை காய்ந்தால் தண்ணீர்தான் போகும். உப்பும் யூரியாவும் லாக்டேட் என்கிற உப்பு வகையும், தோலின் எண்ணெயும் கிரிப்பிலேயே படிந்துவிடும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டு உப்பு ஜாடிக்குள் நீர் கோத்துக்கொள்வது இதனால்தான். வியர்வையில் உப்போடு மற்றவையும் கலந்திருப்பதால், அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நனையத் தொடங்கிவிடும். நாகப்பட்டினத்தில் மழைக்காலம் வரை காத்திருக்கவே வேண்டாம், சாயங்காலக் கடல்காற்று ஒன்றே போதும். உப்பு தங்கிய கிரிப், அன்று யாரும் கையால் தொடாவிட்டாலும் மாலையில் தானாக ஈரமாகும். அந்த ஈரத்தில் தோலெண்ணெயும் தூசியும் குழைந்தால் அதுதான் உங்கள் கையில் ஒட்டும் பசை. பவுடர் போட்டால் ஒரு மணி நேரம் அது ஈரத்தைக் குடிக்கும். பிறகு அதுவும் அதே பசையில் சேர்ந்து கெட்டியாகும். அதனால் பவுடரால் இதற்குத் தீர்வு கிடையாது. உள்ளே தங்கிய உப்பை வெளியே எடுப்பதுதான் வேலை.

இப்போது தண்ணீருக்கு வருவோம். டெல்டாவின் கடைமடையில் நிறைய போர்களில் வருவது உப்புத் தண்ணீர். அதில் கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால், எதை எடுக்க நினைத்தீர்களோ அதையே திரும்ப ஊற்றிக் காயவைக்கிறீர்கள். போதாததற்குக் கட்டிச் சோப்பு. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கட்டிச் சோப்போடு சேர்ந்தால், நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்து ஒரு படலமாகப் படியும். வாளியின் ஓரத்தில் சாம்பல் வளையமாக நிற்குமே, அதேதான். அது தண்ணீரில் கரையாது, தொட்டால் மெழுகுபோல் இருக்கும், கிரிப்பின் வரிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க ஒரு சொம்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பைக் கொஞ்சம் சுரண்டிப் போட்டுக் கலக்குங்கள். நுரை நிற்காமல் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் அந்தத் தண்ணீரும் கட்டிச் சோப்பும் கிரிப்புக்கு ஆகாது. கழுவுவதற்குப் போர் தண்ணீரையே வைத்துக்கொண்டாலும், கடைசியாக அலசித் துடைப்பது மட்டும் குடிநீர்க் குழாய்த் தண்ணீராகவோ கேன் தண்ணீராகவோ மழைத் தண்ணீராகவோ இருக்கட்டும். ஒரு கிரிப்புக்கு ஒரு சொம்பு போதும், வீணாக ஒன்றும் போகாது. சோப்புக்குப் பதிலாகப் பாத்திரம் துலக்கும் திரவம் அல்லது சாதாரண ஷாம்பு எடுத்துக்கொள்ளுங்கள். அவை கடினத் தண்ணீரிலும் திரியாது.

ஆனால் கையில் எடுத்ததும் கழுவ ஆரம்பித்துவிடக் கூடாது. ஒட்டுவது எது என்று முதலில் தெரிய வேண்டும். நான் கடையில் செய்யும் சோதனை இதுதான்: கை படாத இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். கிரிக்கெட் பேட்டில் கிரிப்பின் அடி ஓரம், அதாவது பேட்டின் தோள்பட்டைக்குப் பக்கத்து ஓரம், பெரும்பாலும் கை படாமலே இருக்கும். ராக்கெட்டில் கிரிப் முடிந்து கம்பிக்குப் போகும் இடம் அப்படி. அங்கே வழவழவென்று சுத்தமாக இருந்து, கை பிடிக்கும் இடம் மட்டும் ஒட்டினால், அது வெளியிலிருந்து வந்தது, கழுவினால் போகும். கை படாத இடமும் அதே அளவுக்கு ஒட்டினால், அங்கே வியர்வை போகவே இல்லையே, ஆக கிரிப்பின் பொருளே கெட்டுவிட்டது. கழுவி ஒரு பயனும் இல்லை.

சந்தேகம் வந்தால் இன்னொன்று செய்து பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் அழுத்தித் துடைத்துவிட்டு, காற்றாடிக்குக் கீழே கால் மணி நேரம் வையுங்கள். துணியில் பழுப்போ சாம்பலோ வந்து, துடைத்த இடம் குறைவாக ஒட்டினால் அது அழுக்கு. துணியில் கிரிப்பின் நிறமே வந்து, ஒட்டுவது அப்படியே இருந்தால், அல்லது நகத்தால் அழுத்தினால் மாவுபோல் வழுக்கி நகத்தில் வந்தால், அது கெட்டுப்போனது. இது இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உண்டு. சுற்றுக்குச் சுற்று சந்திக்கும் கோட்டில் மட்டும், மெல்லிய சரிவுக் கோடாக ஒட்டும். அது கிரிப்புக்கு அடியில் இருக்கும் பசை வெயில் சூட்டில் இளகிப் பிதுங்குவது. அதைக் கழுவ வேண்டாம். காய்ந்த துணியைக் கட்டைவிரலில் சுற்றி உருட்டினால் சின்னச் சின்ன உருண்டையாக வந்துவிடும்.

பொருள் ஏன் கெடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறைய பேர் வீணாகக் கழுவி நேரத்தைத் தொலைக்கிறார்கள். ராக்கெட்டில் சுற்றும் வழுவழுப்பான கிரிப் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசியது. பாலியூரித்தேனில் பல வகைகளைக் காற்றின் ஈரமும் சூடும் சேர்ந்து மெல்ல மெல்ல அறுத்துவிடும். நீண்ட சங்கிலியாக இருந்த பொருள் துண்டு துண்டாகி, பசையாகவோ பொடியாகவோ மாறும். பரணில் இரண்டு வருடம் வைத்த ஷூவின் அடிப்பாகம் எடுத்ததும் உதிர்கிறதே, ரெக்சின் பை செதில் செதிலாக உரிகிறதே, அவற்றில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பேட்டின் கிரிப் ரப்பர். அதற்கு எதிரி வேறு: வெயில், சூடு, எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணெய். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி வீங்கும். கிரிப் நீளமாகி, தொளதொளத்து, கையில் சுழலும். பிசுபிசுப்போடு இந்தத் தொளதொளப்பும் இருந்தால் எண்ணெய்தான் காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு பேட்டைப் பிடிப்பது நம் ஊரில் சாதாரணம், ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஆனால் பேட்டுக்கு ஆளி விதை எண்ணெய் தடவும்போது கைப்பிடிக்கும் சேர்த்துத் தடவிவிடுகிறார்கள். அந்த எண்ணெய் பேட்டின் பலகைக்கு மட்டும்தான். கைப்பிடியில் தடவினால் கிரிப்பும் கெடும், உள்ளே இருக்கும் கட்டும் தளரும்.

போன கார்த்திகையில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர் இரண்டு பேட்டும் ஒரு ராக்கெட்டும் கொண்டுவந்தார். "எல்லாம் ஒட்டுது சார், எல்லாத்துக்கும் புதுசு போட்டுடுங்க" என்றார். தொட்டுப் பார்த்தால் மூன்றும் மூன்று விதம். முதல் பேட்டில் அடி ஓரம் சுத்தமாக இருந்தது, கை பிடிக்கும் இடத்தில் வரிகளே தெரியவில்லை. பையன்கள் அறுவடை முடிந்த வயலில் விளையாடுகிறார்கள். கை வியர்த்தால் குனிந்து மண்ணைத் தொட்டுத் தேய்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஆற்று மணலாக இருந்தால் உதிர்ந்துவிடும். நம் வயலின் களிமண் அப்படியில்லை, மாவைவிட நுண்மையானது. வியர்வையில் குழைந்து வரிகளுக்குள் போய்ப் பூசினாற்போல் அடைத்துக்கொள்ளும், தண்ணீரையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பேட்டைக் கழுவினால் போதும். இரண்டாவது பேட்டின் கிரிப் ஓரம் முதல் நுனி வரை ஒரே மாதிரி ஒட்டியது, கையில் கறுப்பு வந்தது, பிடித்துத் திருகினால் சுழன்றது. விசாரித்தால், தகரக் கூரை போட்ட அறையில் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள், பாட்டில் கசிந்திருக்கிறது. அதைக் கழற்றிப் போட்டேன். ராக்கெட்டில் மேலே சுற்றியிருந்த மெல்லிய ஓவர்கிரிப் நகத்தில் வந்தது. அதை உரித்ததும் அடியில் இருந்த தடித்த கிரிப் கெடாமல் இருந்தது, உப்பு மட்டும்தான் படிந்திருந்தது. மூன்றுக்குப் புதிது கேட்டவருக்கு ஒரு ரப்பர் கிரிப்பும் ஓர் ஓவர்கிரிப்பும் போதுமானதாக இருந்தது.

அந்த முதல் பேட்டை எப்படிச் சுத்தம் செய்தேன் என்று சொல்கிறேன், உங்கள் பேட்டுக்கும் அதுவே போதும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஐந்தாறு சொட்டு. அதற்கு மேல் போட்டால் அதை எடுப்பதே தனி வேலையாகிவிடும். பேட்டை மேசைமேல் படுக்க வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தி வைத்துக் கழுவினால் தண்ணீர் வழிந்து, கைப்பிடி பலகைக்குள் இறங்கும் இடத்துக்குப் போகும். கைப்பிடி முழுக்கப் பிரம்பு, ரப்பர்ப் பட்டை, பசை, மேலே சுற்றிய நூல் என்று இருப்பதால் தண்ணீர் இறங்கினால் பிரம்பு ஊறும், கட்டு இளகும். கைப்பிடியின் நுனியில் பிரம்பின் வெட்டுமுகம் திறந்தே இருக்கும், அங்கேயும் நீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயடியில் பிடித்துக் கழுவுவது வேண்டவே வேண்டாம். துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டும் விழாதபடி பிழிந்து, கிரிப்பைச் சுற்றிப் பிடித்து வரிகளின் போக்கிலேயே திருகித் துடைத்தேன். வரிகளுக்குள் பழைய பல்துலக்கும் பிரஷ், மென்மையான ரகம். அழுக்கு இளகி மேலே வந்ததும் உடனே துணியால் எடுத்துவிட வேண்டும், விட்டால் மறுபடி வரிக்குள் இறங்கிவிடும்.

அப்புறம்தான் முக்கியமான கட்டம், அதைத்தான் எல்லோரும் அவசரமாக முடிக்கிறார்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வேறொரு துணியால் மூன்று முறை துடைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் துணியை அலசிவிட்டு. அந்தப் பேட்டில் முதல் துணி செம்பழுப்பாக வந்தது, இரண்டாவது சாம்பல், மூன்றாவதில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதிலும் நிறம் வந்தால் நான்காவது முறையும் துடைப்பேன். சோப்பு அழுக்கை இளக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். உப்பை எடுப்பது இந்தத் தண்ணீர்தான். உடனே காய்ந்த பருத்தித் துண்டால் அழுத்தித் துடைத்து, நிழலில், காற்றாடிக்குக் கீழே வைத்தேன். வெயில் காலத்தில் மூன்று நான்கு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அது கார்த்திகை மழை, அதனால் ராத்திரி முழுக்க வைத்தேன். சீக்கிரம் ஆகட்டும் என்று வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ தலை காயவைக்கும் சூட்டுக் காற்றிலோ வைக்கக் கூடாது, அது ரப்பரின் ஆயுளைக் குறைத்துவிடும். மறுநாள் சாயங்காலம், காற்று ஈரமாக இருந்த நேரத்தில் தொட்டுப் பார்த்தேன். மதியம் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டால் நீங்கள் ஏமாந்த மாதிரி ஏமாற வேண்டிவரும், உப்பு போயிற்றா என்பது ஈரக் காற்றில்தான் தெரியும்.

உங்கள் பேட்டில் ஏற்கெனவே சோப்புப் படலம் படிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வரிகளுக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். அதற்கு மட்டும் ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, பிழிந்த துணியால் முதலில் ஒரு தடவை துடைத்துவிட்டு, மேலே சொன்னபடி தொடங்குங்கள். புளிப்புப் பட்டால் அந்தப் படலம் இளகிவிடும். வீட்டில் எலுமிச்சைதான் இருக்கிறது என்றால் அரை மூடிச் சாறு போதும், வடிகட்டிக்கொள்ளுங்கள். இரண்டில் எதுவானாலும் பிறகு தண்ணீரில் துடைத்து எடுத்துவிட வேண்டும். சோப்புப் படலம் இல்லாத கிரிப்புக்கு வினிகரால் பெரிய நன்மை எதையும் நான் பார்த்ததில்லை. வாடை போகும் என்று சொல்வார்கள். வாடை கிரிப்பில் இருந்தால் ஓரளவு போகிறது. அடியில் நூலில் இருந்தால் போவதில்லை.

பையனுடைய ராக்கெட்டுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி. அதன் கைப்பிடி மரம். மேலே தடித்த கிரிப், அதன்மேல் மெல்லிய ஓவர்கிரிப் இருக்கலாம். ஓவர்கிரிப் இருந்தால் அதைச் சுத்தம் செய்ய மெனக்கெட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதன் மேல்பூச்சு மிக மெல்லியது, வாரக்கணக்கில் உழைக்கவே செய்தது, ஆண்டுக்கணக்கில் அல்ல. ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தால் படிந்த அழுக்கு போய்ப் பழைய பிடிமானம் திரும்ப வரலாம். மேற்பரப்பு தேய்ந்து பளபளத்துவிட்டால் வராது. இன்னொன்று, புது ஓவர்கிரிப் கையில் லேசாகப் பற்றும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது, அது அழுக்கு இல்லை, அதைத் துடைத்து எடுக்கப் பார்க்காதீர்கள். அடியில் இருக்கும் தடித்த கிரிப்பை, கழற்றாமலே, நன்றாகப் பிழிந்த துணியால் அதே முறையில் துடைக்கலாம், ஆனால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி. அதில் காற்றுக்காகச் சிறு துளைகள் இருக்கும். பிரஷ் போட்டால் துளைகளின் ஓரம் கிழியும், தண்ணீர் அதிகமானால் துளை வழியே மரத்துக்கு இறங்கும். ராக்கெட்டைக் கைப்பிடியோடு வாளிக்குள் விடுவது மட்டும் கூடவே கூடாது. மரம் ஊறி விரிந்தால் கம்பி உட்கார்ந்திருக்கும் இடம் தளர்ந்து, அடிக்கும்போது டக் டக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு வரும் ராக்கெட்டை என்னால் சரிசெய்ய முடிவதில்லை.

துண்டுத் துணி போன்ற டவல் கிரிப்பாக இருந்தால் கதை வேறு. அது பருத்தி, உப்பு ஏறி முறுமுறுவென்று ஆகும். கழற்றித் துவைக்கலாம், ஆனால் பின்பக்கப் பசை போய்விடும், திரும்பச் சுற்ற இருபுறமும் ஒட்டும் டேப் வேண்டும். நான் பெரும்பாலும் புதிதே சுற்றுகிறேன்.

எதைப் போடக் கூடாது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லாதவை சில. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் மூன்றும் ரப்பரை ஊற வைக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பையனின் பேட் கிரிப்பில் இருந்த தார்க் கறையை மண்ணெண்ணெய் தொட்டு எடுத்தேன். கறை போயிற்று, இரண்டு நாளில் அந்த இடம் மட்டும் கொப்புளம்போல் உப்பி வந்தது. புது கிரிப் வாங்கிக் கொடுத்தேன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் ராக்கெட்டின் பூச்சையும் கிரிப்பின் பூச்சையும் சேர்த்துக் கரைக்கும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். வெள்ளை கிரிப் மஞ்சளாகிவிட்டது என்று அதைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வெயில் பட்டு வந்த மஞ்சள் அழுக்கு அல்ல, அது எதிலும் போகாது. கை கழுவும் சானிடைசர் ஜெல்லில் கெட்டியாக்கும் பொருளும் கிளிசரினும் இருக்கும். சாராயம் ஆவியாகிப் போனதும் அவை தங்கி இன்னும் ஒட்டும். வெறும் ஸ்பிரிட் என்றால், பேட்டின் ரப்பர் கிரிப்பை எப்போதாவது ஒருமுறை வேகமாகத் துடைத்தால் கேடில்லை. ராக்கெட் கிரிப்பில் அது சில ரகங்களில் ஒன்றும் செய்வதில்லை, சில ரகங்களில் பிடிமானத்தையே எடுத்துவிடுகிறது. எந்த ரகம் எப்படி என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் நான் தொடுவதில்லை.

கழுவிய பிறகு இத்தனை சீக்கிரம் மறுபடி வராமல் இருக்க, விளையாடி முடித்ததும் வியர்வை காயும் முன்பே, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துவிடச் சொல்லுங்கள். காய்ந்த துண்டால் துடைத்தால் வியர்வையில் ஒரு பங்குதான் துண்டுக்குப் போகும், மிச்சமும் அதிலுள்ள உப்பும் கிரிப்பிலேயே நிற்கும். பிறகு உடனே பைக்குள் வைத்து ஜிப் போட வேண்டாம். நனைந்த டீ ஷர்ட்டோடு ஒரே பைக்குள் ராத்திரி முழுக்க இருந்தால், பாலியூரித்தேனுக்குக் கேடு செய்யும் ஈரமும் புழுக்கமும் இரண்டும் அங்கே கிடைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஆணியில் மாட்டிவிட்டுக் காலையில் உள்ளே வைத்தால் போதும்.

சரி, சோதனையில் கெட்டுவிட்டது என்றே தெரிந்தால் கழற்றுவதில் ஒரு கவனம் வேண்டும். பேட்டின் ரப்பர் கிரிப்பை பிளேடு வைத்து நீளவாக்கில் கீறினால் அடியில் இருக்கும் நூலும் சேர்ந்து அறுந்துவிடும். அடி ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வாருங்கள். நூலில் ஒட்டி நிற்கும் பிசினைக் கழுவாமல், கொஞ்சம் முகப்பவுடர் தூவிக் கட்டைவிரலால் உருட்டினால் திரண்டு வரும். கிரிப்புக்கு மேலே பவுடர் வேண்டாம் என்றேன், இங்கே மட்டும் அது உதவும். நூலைத் தொட்டால் சில்லென்று இருக்கிறதா, முகர்ந்தால் பாசி வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு நாள் நிழலில் காயாமல் புது கிரிப் ஏற்றக் கூடாது, உள்ளே அடைபட்ட ஈரம் பிரம்பிலேயே தங்கும். நூல் எங்காவது அவிழ்ந்திருந்தால் கடையில் கொடுத்து முதலில் அதைக் கட்டிவிட்டுத்தான் கிரிப். ராக்கெட்டிலும் அப்படியே. தடித்த கிரிப்பை உரித்ததும் மரத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து ஒரு நாள் முழுக்கக் காற்றில் வைத்துவிட்டு, நகத்தால் அழுத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்தால் புது கிரிப் சுற்றலாம். நகம் இறங்கினால் புது கிரிப்புக்குச் செலவு செய்யும் முன் யாரிடமாவது கைப்பிடியைக் காட்டிவிடுங்கள்.